ஐந்து நிமிடப் பேச்சு: இருபது ஸ்லைடா, ஐந்தா, மூன்றா?

புதுச்சேரிக் கடற்கரை மணலை இழந்தது எப்படி என்று ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும் என வைத்துக்கொள்வோம். நம் கரையோரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களில் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர் அதைத் தெற்கே தேக்கியது. வடக்கே கரை அரிந்துபோனது. பேச்சின் செய்தி இது ஒன்றுதான்.

2006இல் சியாட்டிலில் தொடங்கிய இக்னைட் முறையில் 20 ஸ்லைடுகள், ஒவ்வொன்றும் 15 விநாடியில் தானாக நகரும். பயணம், கண்காட்சி போலப் படங்கள் அடுக்கடுக்காக வரும் பேச்சுக்கு அது நல்ல வேகம். இங்கே ஒத்துவராது. வரைபடத்தில் சுவர் எங்கே, வடக்கு எது என்று கண் தேடி முடிப்பதற்குள் படம் போய்விடும். ஓரிடத்தில் தடுமாறினால் மீதி முழுக்கப் பேச்சும் படமும் ஒட்டாது.

ஸ்லைடுக்கு ஒரு நிமிடம் என்று ஐந்து வைப்பது படிப்படியான வேலைகளுக்குப் பொருந்தும். வில்லியனூர் சுடுமண் பொம்மை என்றால் மண், பிசைதல், உருவாக்கம், உலர்த்தல், சூளை என ஐந்தும் தாமே அமையும். மணல் பேச்சில் நான்காவதையும் ஐந்தாவதையும் நிரப்பப் புள்ளிவிவர அட்டவணைதான் வந்து உட்காரும்.

ஆகவே இதற்கு மூன்றே போதும். முதலில், பீச் ரோட்டோரக் கருங்கற்களில் அலை மோதும் படம், எழுத்தே இல்லாமல், 60 விநாடி. அடுத்து, மேலிருந்து எடுத்த துறைமுகப் படம், 150 விநாடி. கடைசியாக, தலைமைச் செயலகம் எதிரே மணல் திரும்பிய கரை, 60 விநாடி. மொத்தம் நாலரை நிமிடம். மீதி அரை நிமிடம் மேடையேறவும் மைக் பிடிக்கவும் போய்விடும்.

பேச்சைத் தூக்கி நிறுத்துவது நடுப்படம்தான். நம் கரை வடக்கு தெற்காக ஓடுகிறது, திரையோ அகலமானது. வரைபடத்தை அப்படியே வைத்தால் கரை நடுவில் ஒல்லிக் கோடாக நிற்கும். படத்தை வலஞ்சுழியாக 90 பாகை திருப்புங்கள். நிலம் மேலே, கடல் கீழே, வடக்கு வலப்பக்கம் வரும். நாம் வாசிக்கும் திசையிலேயே மணலும் இடமிருந்து வலமாக ஓடும். ஒரே ஒரு தடித்த மஞ்சள் அம்புக்குறி, 'மணல்', 'அரிப்பு' என்று இரண்டு சொற்கள், அவ்வளவே. ஆனால் கரையில் நின்று கடலைப் பார்ப்பவருக்கு வடக்கு இடப்பக்கம். அந்தப் பழக்கத்தில் உள்ளூர்க்காரர் குழம்புவார், அதனால் காந்தி சிலை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பார்த்ததும் திசை பிடிபட்டுவிடும்.

ஸ்லைடு குறையக் குறைய ஒரு படம் கெட்டாலும் இழப்பு பெரிது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த புகைப்படம் சுருங்கியிருக்கும், திரையில் மங்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் விழும் கூடத்தில் இருண்ட படம் சாம்பலாகத்தான் தெரியும். மடிக்கணினித் திரையின் ஒளியைப் பாதியாகக் குறைத்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள். அம்புக்குறி அப்போதும் முதலில் கண்ணில் பட்டால் படம் தேறும். வேறொருவர் கணினியில் ஓட்டுவதானால் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடையும்.