பில் ஸ்கேன் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: "ஹை ரெசல்யூஷன்" என்று அனுப்பியதெல்லாம் இழுத்துப் பெரிதாக்கிய படம்

பழைய பர்ச்சேஸ் பில்களை போனில் படமெடுத்து, படத்திலுள்ள எழுத்தை மென்பொருளே படித்தெடுக்கும் ஓசிஆருக்குத் தயாராகத் தருகிறோம் என்ற ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். வந்த படங்களைத் திரையில் பார்த்தால் கண்ணுக்கு நன்றாகவே இருந்தன. ஓசிஆரில் போட்டதும்தான் எண்கள் தாறுமாறாக வந்தன.

ஒரு வரியைச் சொல்கிறேன். அளவு 12, விலை 48.50, தொகை 582.00 என்று காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. ஓசிஆர் விலையை 43.50 என்று படித்திருந்தது. பெருக்கிப் பார்த்தால் 522 வருவதால் இந்தத் தவறு பிடிபட்டுவிடும். ஆனால் பில் நம்பரில் 8 போய் 3 வந்தால் பெருக்கிப் பார்க்க வழியில்லை. எனக்குப் பெரிய பயமே அதுதான்.

காரணம் படத்தின் அளவில் இருந்தது. அவர்களின் ஆட்கள் எடுத்த படங்களை சாட் ஆப்பில் சாதாரண போட்டோவாக ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆப் அதை 1200 x 1600 ஆகச் சுருக்கிவிட்டது. ஏ4 தாளின் நீளம் சுமார் 11.7 அங்குலம். தாள் படத்தை முழுதாக நிறைத்தாலும் அங்குலத்துக்கு 137 பிக்சல்தான் கிடைக்கும். ஓசிஆருக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 300. பில்லில் வரும் 8 பாயின்ட் பொடி எழுத்தில் ஓர் எண் பத்து பிக்சல் உயரம்தான் தேறும். அதில் 8இன் இடப்பக்க வளைவு மங்கினால் 3தான். 48.50இல் புள்ளியே காணாமல் போகவும் வாய்ப்புண்டு.

புகார் சொன்னதும் "ஹை ரெசல்யூஷன் ஃபைல்" என்று 3000 x 4000 அளவில் திரும்ப அனுப்பினார்கள். இதைத்தான் ஏமாற்று வேலை என்கிறேன். அதே படத்தை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் ஓரம் பஞ்சுபோல் பிசிறியிருந்தது, சுற்றிலும் கட்டம் கட்டமாக அழுக்கு. படத்தின் விவரப் பக்கத்தில் கேமரா மாடலும் எக்ஸ்போஷர் நேரமும் இல்லை. சாட் ஆப்பில் போட்டோவாகப் போன படத்தில் அவை பெரும்பாலும் அழிந்துவிடும். அசல் ஃபைலைக் கேட்டால், போனில் டெலீட் செய்துவிட்டோம் என்றார்கள். பணமும் திரும்பவில்லை.

காகிதங்கள் கையில் இருந்ததால் நாங்களே மறுபடி எடுக்கிறோம். ஃபிளாஷ் போடுவதில்லை, பளபளக்கும் தாளில் அது ஒரு வெள்ளைத் திட்டாக விழுந்து எண்ணை மறைத்துவிடுகிறது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி தாளை வைத்து, நேர் மேலிருந்து, தாள் படத்தை நிறைக்கும்படி எடுக்கிறோம். அனுப்பும்போது போட்டோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக இணைக்கிறோம்.

யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், உங்களிடம் இருப்பதிலேயே பொடி எழுத்துள்ள பில்லை முதலில் மாதிரிக்குக் கொடுங்கள். கேமராவிலிருந்து வந்த ஃபைலையே கேட்டு வாங்கி, ஓசிஆரில் போட்டு, ஒவ்வொரு பொருளின் தொகையையும் கூட்டினால் பில் தொகையோடு சேர்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.