ஒரே விபத்து, இரண்டு கூட்டக் குறிப்புகள்

மதுரை–திருமங்கலம் சாலையோரத்து நூற்பாலை ஒன்றில் இப்படி நடந்ததாக வைத்துக்கொள்வோம். இரவு ஷிப்டில், பஞ்சைச் சீவி இழைகளாகப் பிரிக்கும் கார்டிங் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொள்கிறது. இயக்குபவர் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைத் திறந்து அடைப்பை எடுக்கும்போது, இன்னும் நிற்காமல் சுழன்றுகொண்டிருந்த சிலிண்டரின் கம்பிப் பற்கள் அவர் விரல்களைக் கிழித்துவிடுகின்றன. விசாரணை அறிக்கை பாதுகாப்புக் குழுவின் முன் வருகிறது.

“சிலிண்டர் நிற்கும்வரை இயக்குபவர் காத்திருக்கவில்லை, மறுபயிற்சி அளிக்கப்படும்” என்று கூட்டக் குறிப்பை முடித்துவிடலாம். அது பொய்யில்லை. ஆனால் அடுத்த ஷிப்டில் அதே மூடியை வேறொருவர் திறப்பதை அந்த வரி தடுக்காது.

மற்றொரு வகைக் குறிப்பு இப்படி இருக்கும்: “அடைப்பை எடுக்க இயக்குபவர் சுவிட்சை அணைத்தார், மின்சாரம் நின்ற பிறகும் கனமான சிலிண்டர் பல நிமிடங்கள் சுழன்றது, அந்த நேரத்திலும் அவர் திறந்தபோது மூடி தடையின்றித் திறந்தது, சிலிண்டர் சுழல்வது வெளியே தெரியவில்லை, கூடத்தின் இரைச்சலில் கேட்கவும் இல்லை.” இதிலும் இயக்குபவர் செய்தது மறைக்கப்படவில்லை. பெயருக்குப் பதில் பணிப்பொறுப்பு குறிக்கப்படுகிறது, செயல்கள் நடந்த வரிசையில் வருகின்றன, அவ்வளவுதான். பழி விழாது என்று தெரிந்தால்தான், அடைப்பை எல்லோரும் இப்படித்தான் எடுக்கிறோம் என்பதை மற்ற ஷிப்ட்காரர்களும் குழுவிடம் சொல்வார்கள். என் பார்வையில், விசாரணைக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.

இந்த இரண்டாம் குறிப்பை ஏற்றுக்கொண்டால், திருத்த நடவடிக்கைகளை ஒப்பிடுவது எளிதாகிவிடும். எச்சரிக்கைப் பலகை மலிவானது, இன்றைக்கே மாட்டிவிடலாம். ஆனால் உற்பத்தி நெருக்கடியில் அது முழுக்க மனிதரின் நினைவையே நம்பியிருக்கிறது. மூடியைத் திறந்தால் மோட்டாரை நிறுத்தும் சாதாரண இன்டர்லாக் சுவிட்சு, பார்வைக்குச் சரியான தீர்வாகத் தோன்றும். இந்த விபத்திலோ மோட்டார் ஏற்கெனவே நின்றிருந்தது என்பதால், அந்த சுவிட்சு இருந்திருந்தாலும் விரல்கள் தப்பியிருக்காது. சிலிண்டர் முழுதாக நின்றதை உணரி உறுதிசெய்த பிறகே மூடியை விடுவிக்கும் பூட்டு மட்டுமே உண்மையான காரணத்தைத் தொடுகிறது. அதிலும் பூட்டைத் திறக்கத்தான் மின்சாரம் தேவைப்பட வேண்டும். பூட்டியே வைத்திருக்க மின்சாரம் கேட்கும் வகையாக இருந்தால், மின்வெட்டு வரும்போது சிலிண்டர் சுழன்றுகொண்டிருக்கையிலேயே மூடி திறந்துவிடும்.

இதற்குச் செலவு கூடுதல், பழைய மெஷினில் பொருத்த நாளும் பிடிக்கும். அதுவரை சிலிண்டர் நிற்க ஆகும் நேரத்தை ஒவ்வொரு மெஷினிலும் அளந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலான காத்திருப்பு நேரத்தை மூடியின் மேலேயே எழுதி, மூடியின் சாவியை ஷிப்ட் மேற்பார்வையாளரிடம் வைப்பதை இடைக்கால ஏற்பாடாகக் குறிப்பில் சேர்க்கலாம்.

நடவடிக்கையை முடிந்ததாகக் குறிக்க, பூட்டு வாங்கிய ரசீது போதாது. மின்சாரத்தை நிறுத்தி, சிலிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறக்க முயன்று, திறக்கவில்லை என்று பராமரிப்புப் பிரிவும் இயக்குபவர்களின் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். சில வாரங்கள் கழித்து, அறிவிக்காமல் ஒரு இரவு ஷிப்டில் அதையே மறுபடி சோதிக்க வேண்டும். பூட்டை ஏமாற்ற யாராவது கம்பி கட்டியிருந்தால் அப்போதுதான் தெரியும்.