"ஒரு பாயின்ட்டுக்கு 125 ரூபாதான் அண்ணே": நேச்சுரல் கேஸில் என் 30,500 ரூபாய் போன கதை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். விடிவதற்குள் மல்லிகை எத்தனை கிலோ வந்தது, கிலோ என்ன விலை, யாருக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பெருக்கியே பிழைப்பு ஓடுகிறது. அப்படிப்பட்ட நான், பெருக்க வேண்டிய ஓர் இடத்தில் பெருக்காமல் விட்டேன். எம்சிஎக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் கமாடிட்டி ஃபியூச்சர்ஸ், அதாவது முன்பணம் மட்டும் கட்டிச் சரக்கின் பிற்கால விலைக்கு ஒப்பந்தம் போடும் வியாபாரம், தொடங்கப் போகிறவர்கள், குறிப்பாக யாராவது ஏஜென்ட் சொல்லித் தொடங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்.

சொந்தக்காரர் ஒருவர் மூலம் வந்த பையன், ஒரு புரோக்கர் கம்பெனியின் ஏஜென்ட். கணக்கு திறந்து 2 லட்சம் போட்டேன். முதல் வாரம் அவன் வாங்கச் சொன்னது நேச்சுரல் கேஸ் மினி, ஒரு லாட். லாட் என்றால் சந்தை அளவு குறித்து வைத்திருக்கும் ஒரு மொத்தம், அதற்குக் குறைத்து வாங்க முடியாது. "ஒரு பாயின்ட் நகர்ந்தா 25 ரூபா அண்ணே, பயமே இல்லை" என்றான். விலை 1 ரூபாய் 20 பைசா ஏறியதும் விற்றோம். கணக்கில் 300 ரூபாய் லாபம் காட்டியது.

அந்த இடத்திலேயே நான் முழித்திருக்க வேண்டும். பாயின்ட்டுக்கு 25 என்றால், 1.20 ஏறியதற்கு 30 ரூபாய்தானே வர வேண்டும்? 300 எப்படி வந்தது? லாபம் பத்து மடங்கு வந்தால் யார் கேள்வி கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். நேச்சுரல் கேஸ் விலையை ஓர் எம்எம்பிடியு என்ற அளவுக்குச் சொல்கிறார்கள். நமக்குக் கிலோ மாதிரி அதற்கு அது. விலை நகரும் மிகச் சிறிய படி 10 பைசா. 268.40-க்கு அடுத்து 268.50 வரும், நடுவில் எதுவும் இல்லை. இந்தப் படிக்குப் பெயர்தான் டிக். மினி லாட்டில் 250 எம்எம்பிடியு இருக்கிறது, ஆக ஒரு டிக் நகர்ந்தால் 250 × 0.10, அதாவது 25 ரூபாய். பெரிய லாட்டில் 1,250 இருப்பதால் ஒரு டிக் 125 ரூபாய். பையன் சொன்ன 25-ம் 125-ம் சரியான எண்கள்தான். ஆனால் அவை 10 பைசாவுக்கு உரியவை. "பாயின்ட்" என்றதும் ஒரு ரூபாய் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன், என் நிலையில் யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு ரூபாய்க்குள் பத்து டிக் இருக்கிறது. பெரிய லாட்டில் விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் 1,250 ரூபாய் வரும் அல்லது போகும்.

அடுத்த வாரம் "மினியில என்ன அண்ணே வரும், பெருசு எடுங்க" என்றான். வாட்ஸாப்பில் குரல் செய்தியும் அனுப்பினான்: "ஒரு பாயின்ட்டுக்கு 125 ரூபாதான் அண்ணே. அஞ்சு பாயின்ட்ல ஸ்டாப் லாஸ் போட்டுக்கலாம்." ஸ்டாப் லாஸ் என்றால், விலை அந்த அளவு இறங்கியதும் விற்றுவிடும்படி முன்கூட்டியே போட்டு வைக்கும் உத்தரவு. ரெண்டு லாட்டுக்கு 5 × 125 × 2, போனால் 1,250 ரூபாய் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். உண்மைக் கணக்கு 12,500.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் 268.40-இல் ரெண்டு பெரிய லாட் வாங்கினோம். ஏன் வியாழன் என்று குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் கிடங்குகளில் எவ்வளவு எரிவாயு இருப்பில் இருக்கிறது என்ற அரசு அறிக்கை வாரா வாரம் வியாழக்கிழமைதான் பெரும்பாலும் வெளியாகும். நமக்கு அது ராத்திரி 8 மணி, அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் 9 மணி. எம்சிஎக்ஸ் விலை அந்த ஊர்ச் சந்தையைத்தான் பின்தொடர்கிறது, எனவே அந்த நேரத்தில் விலை தூக்கிப் போடும். இதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டாப் லாஸும் போடவில்லை. கேட்டதற்கு "அண்ணே, திரும்ப ஏறிடும், பாத்துக்கலாம்" என்றுதான் பதில் வந்தது. காலையில் ரெண்டு மணிக்கு எழுகிறவன் நான், தூங்கிவிட்டேன்.

மறுநாள் பார்த்தால் 256.20-இல் விற்றிருந்தான். 12.20 இறக்கம். என் கணக்குப்படி 12.20 × 125 × 2, அதாவது 3,050 ரூபாய் போயிருக்க வேண்டும். கணக்கில் கழிந்தது 30,500. 12.20 என்பது 122 டிக், 122 × 125 என்றால் ஒரு லாட்டுக்கு 15,250, ரெண்டுக்கு 30,500. அவர்கள் கணக்கில் ஒரு பைசா பிழையில்லை. பிழை பையன் சொன்ன வார்த்தையில்.

போனில் கேட்டேன். "நான் டிக்குன்னுதான் அண்ணே சொன்னேன்" என்றான். குரல் செய்தியைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். "மார்க்கெட்ல எல்லாரும் அப்படித்தான் அண்ணே பேசுவாங்க." அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் எரிச்சல். பாயின்ட் என்றால் சிலர் டிக் என்பார்கள், சிலர் ஒரு ரூபாய் என்பார்கள். ஆனால் புதிதாக வந்தவனிடம் எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொல்வது அவன் வேலை. அவனுக்கு லாட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் போகிறது என்பதும், மினியை விட்டுப் பெரியதுக்கு ஏன் இழுத்தான் என்பதும் பிறகுதான் புரிந்தது.

கம்பெனிக்கு எழுதினேன், செபியின் ஸ்கோர்ஸ் தளத்திலும் புகார் பதிந்தேன். அந்த ரெண்டு லாட்டுக்கான புரோக்கரேஜைத் திருப்பித் தந்தார்கள். நஷ்டம் நஷ்டம்தான். "கான்ட்ராக்ட் நோட் உங்கள் மெயிலுக்கு வந்திருக்கிறதே" என்றார்கள். வாங்கின விற்ற விவரமெல்லாம் உள்ள அந்தச் சீட்டு வந்திருந்தது, நான் திறக்கவில்லை. அதில் வாங்கின மதிப்பு 6,71,000 என்று இருந்தது. 268.40 × 2,500. அதைப் பார்த்திருந்தால், 2 லட்சம் போட்டு ஆறே முக்கால் லட்சத்துக்குச் சரக்குப் பிடித்திருக்கிறேன் என்றாவது தெரிந்திருக்கும்.

இப்போது நான் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறேன். ஒரு வியாபாரத்தில் 3,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்கிறேன் என்று வையுங்கள். ரெண்டு பெரிய லாட்டில் 3,000 ÷ 2,500, அதாவது 1.20 இறங்கினாலே என் வரம்பு தீர்ந்தது. கேஸ் அவ்வளவு தூரம் போவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அதே 3,000-க்கு ஒரு மினி லாட்டில் 3,000 ÷ 250, முழுசாக 12 ரூபாய் இடம் கிடைக்கிறது. ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த லாட் என்று பார்க்க வேண்டியது இதனால்தான். ஸ்டாப் லாஸும் அறிக்கை வரும் நிமிஷத்தில் நாம் சொன்ன விலையில் விற்றுத் தரும் என்று நம்பி இருக்க முடியாது, கீழே தள்ளியும் போகும்.

திரையில் NATURALGAS என்றால் பெரியது, NATGASMINI என்றால் சின்னது. சில ஆப்களில் அளவு 1 என்று மட்டும் இருக்கும், அந்த 1-க்குள் 1,250 ஒளிந்திருப்பது தெரியாது. அடுத்தவர் வாயை நம்பாமல் எம்சிஎக்ஸ் தளத்தில் அந்தந்தப் பொருளின் கான்ட்ராக்ட் விவரப் பக்கத்தைத் திறந்து, விலை எந்த அளவுக்குச் சொல்லப்படுகிறது, லாட் எவ்வளவு, டிக் எவ்வளவு என்று மூன்றையும் பாருங்கள். தங்கத்தில் இன்னொரு வம்பு உண்டு. லாட் ஒரு கிலோ, விலையோ 10 கிராமுக்கு. 1,000-ஐ 10-ஆல் வகுத்த பிறகுதான் பெருக்க வேண்டும், ஆக ஒரு ரூபாய் நகர்ந்தால் 100 ரூபாய்.

போன வாரம் பக்கத்துக் கடை அண்ணன் வந்து, அதே பையன் தன்னிடம் ஜிங்க் எடுக்கச் சொல்கிறான் என்றார். "டிக் வெறும் அஞ்சு பைசாதானாம்பா, அஞ்சு பைசாவுல என்ன போயிரும்?"

"லாட்டு எத்தனை கிலோன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. போனை வாங்கித் திறந்து காட்டினேன்: 5 டன். அஞ்சு பைசாவுக்கு 250 ரூபாய், ஒரு ரூபாய்க்கு 5,000. "அஞ்சு டன்னா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்தார்.