கில் சுவிட்சுடன் 14 மாதங்கள்: காப்பாற்றியது, கவிழ்த்தது

சந்தையில் தானாக வாங்கி விற்கும் நிரலை, நிலைமை கைமீறினால் நிறுத்திவிடும் 'கில் சுவிட்ச்' போட்டுக்கொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது. ஆல்கோ ஓட்டுபவர்களுக்கு அடிப்படை தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் அமைப்பில் அன்றைய நட்டம் மூலதனத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினாலோ, ஒரு நிமிடத்துக்குள் 5 பிழைகள் வந்தாலோ சுவிட்ச் விழும்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய நல்ல பெயரைக் கொடுத்துவிடுகிறேன். மூன்றாவது மாதம் நான் எழுதிய ஒரு திருத்தத்தால், வாங்கியதை நிரல் குறித்து வைக்காமல் போனது. கையில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு அது மறுபடி மறுபடி வாங்கியது. ஆர்டர்கள் எல்லாம் ஒழுங்காக ஏற்கப்பட்டதால் பிழை எண்ணிக்கை கடைசிவரை பூஜ்யம்தான். நட்ட வரம்புதான் பிடித்து நிறுத்தியது. பிழை வரம்பு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் அந்த நாளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சரி, இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன்.

அன்று வாங்கிக் கையில் வைத்திருந்தவை மூன்று பொசிஷன்கள், மூன்றுக்கும் விலை குறிப்பிட்ட அளவு இறங்கினால் விற்றுவிடும்படி புரோக்கரிடம் தனித்தனி ஸ்டாப்லாஸ் ஆர்டர். ஒரு திடீர் இறக்கத்தில் முதல் ஸ்டாப் அடித்தது, விலை உடனே மேலே திரும்பியது. ஸ்டாப் அடித்த தகவல் நிரலுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் நிரல், பொசிஷன் இன்னும் இருக்கிறது என்ற நினைப்பில், ஏறும் விலைக்கு ஏற்ப அந்த ஸ்டாப்பை உயர்த்தப் பார்த்தது. முடிந்துபோன ஆர்டரை எப்படித் திருத்துவது? ரிஜெக்ட். இரண்டு நொடி பொறுத்து மறுபடி முயன்றது, மறுபடி ரிஜெக்ட். இப்படியே பத்து நொடிக்குள் ஐந்து பிழை சேர்ந்து சுவிட்ச் விழுந்தது. அப்போது நட்டம் வெறும் 0.6 சதவீதம்.

விழுந்ததும் அது செய்த முதல் வேலை, நிலுவையில் இருந்த எல்லா ஆர்டர்களையும் ரத்து செய்தது. அந்த 'எல்லா'வில் மீதி இரண்டு பொசிஷன்களின் ஸ்டாப்லாஸும் அடக்கம்.

போனுக்குச் செய்தி வந்தது: HALTED. நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நானும் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தால், இரண்டு பொசிஷன்களும் காவலில்லாமல் சரிந்துகொண்டிருந்தன. அன்றைய மொத்த நட்டம் 2.7 சதவீதம். அந்த இரண்டு ஸ்டாப்களும் இருந்திருந்தால் ஒவ்வொன்றிலும் அரை சதவீதம் போய், 1.6-ஓடு முடிந்திருக்கும். அப்புறம் 2 சதவீத வரம்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஏற்கெனவே நின்றுவிட்ட நிலையில் அது நட்டத்தைக் கணக்குப் பார்ப்பதே இல்லையாம்!

கோபம் தணிந்து யோசித்தால், ரத்து முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டாப்பை நீக்காமல் பொசிஷனை விற்று முடித்தால், அந்த ஸ்டாப்பும் பின்னால் அடித்துவிடலாம். அப்போது இரண்டு தடவை விற்றதாகி எதிர்ப்பக்கப் பொசிஷனில் மாட்டிக்கொள்வோம். அதனால் ரத்து செய்வது, அது உறுதியான பிறகு விற்பது என்ற வரிசை சரிதான். என் கருவியோ பாதி வேலையைச் செய்துவிட்டு மீதியை என் தலையில் கட்டியது. 'விற்று முடி' என்ற கட்டம் தனி அமைப்பாம், இயல்பில் அணைந்திருக்குமாம். கையேட்டின் நடுவில் ஒரு வரி.

இப்போது என் அமைப்பு இப்படி:

```
on_halt: block_entries
keep_exit_orders: true
loss_check_after_halt: true
```

அதாவது, புதிதாக வாங்கும் ஆர்டர் எதுவும் போகாது. ஸ்டாப் போன்ற வெளியேறும் ஆர்டர்கள் அப்படியே இருக்கும். 'விற்று முடி' கட்டத்தையும் இயக்கியிருப்பதால், நின்ற பிறகும் நட்டம் வரம்பைத் தாண்டினால் ஸ்டாப்களை ரத்து செய்து, உறுதியானதும் விற்றுவிடும். 'முடிந்த ஆர்டர்' ரிஜெக்டைப் பிழைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அது வந்தால் நிரல் மறுபடி முயலாமல், புரோக்கரிடம் இருக்கும் பொசிஷன் பட்டியலைக் கேட்டுச் சரிபார்க்கும். பதிலே வராத டைம்அவுட் மட்டும் இரண்டு வந்தாலே சுவிட்ச் விழும்படி வைத்தேன். ரிஜெக்ட் ஆனால் ஆர்டர் போகவில்லை என்றாவது தெரியும், டைம்அவுட்டில் போனதா இல்லையா என்பதே தெரியாது.

மாற்றிய பிறகு நான்கு முறை விழுந்திருக்கிறது. நான்கு முறையும் ஸ்டாப்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒருமுறை புரோக்கர் பக்கத்தை நானே திறந்து எண்ணியும் பார்த்தேன்.

ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். மாதம் மூன்றில் கேட்டிருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன், தெரியும். நண்பரே, போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாளே, ஒரே ஒரு சின்னப் பொசிஷனும் அதன் ஸ்டாப்பும் இருக்கும்போது, கையால் சுவிட்சைத் தட்டிவிட்டு, ஸ்டாப் இன்னும் இருக்கிறதா என்று புரோக்கர் பக்கத்தில் பாருங்கள்.