ஸ்டாப்வாட்சா, ஒலிப்பதிவா?

கருத்தரங்கில் பேச எனக்கு 12 நிமிடம். முதல் ஒத்திகையில் போனின் ஸ்டாப்வாட்சை வைத்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் லேப் பொத்தானை அழுத்தினேன். பேசி முடித்த உடனே கணக்கு கையில் இருக்கும், அதுதான் இதன் வசதி. ஆனால் பேச்சு சூடுபிடித்ததும் ஒரு இடத்தில் அழுத்த மறந்துவிட்டேன். ஆய்வு முறையும் முடிவுகளும் சேர்ந்து 9:10 என்று காட்டியது. எதை வெட்டுவது?

மறுநாள் போனிலேயே குரலைப் பதிவு செய்து, பிறகு கேட்டுக்கொண்டே நேரம் குறித்தேன். அறிமுகம் 3:50, முறை 4:30, முடிவுகள் 4:40, நிறைவு 2:40. மொத்தம் 15:40. கேட்டு முடிக்க அரை மணி நேரம் போனது, சலிப்புதான். சொந்தக் குரலைக் கேட்பது தனிக் கொடுமை.

ஆனால் நேரம் எங்கே கரைகிறது என்பது பதிவில்தான் தெரிந்தது. அறிமுகத்தில் 50 விநாடி சொல்லிவிட்டு வந்த ஒரு கலைச்சொல்லை, முறைப் பகுதியில் மறுபடி விளக்கியிருக்கிறேன். முதல் விளக்கம் அரைகுறை, அதனால்தான் இரண்டாவது தேவைப்பட்டது. நல்ல விளக்கத்தை முன்னே கொண்டுபோய்ப் பழையதன் இடத்தில் வைத்தேன். கருவி பற்றிய 1:20 நிமிட ஸ்லைடைக் கேள்வி நேரத்துக்கு ஒதுக்கினேன். அப்புறம் முந்தைய ஆய்வுகளின் கதையில் 2 நிமிடத்தை வெட்டினேன். இப்போது 11:30. அறையில் தனியாகப் பேசும்போது யாரும் இருமுவதில்லை, புரொஜெக்டரும் தகராறு செய்வதில்லை; அந்த மிச்ச அரை நிமிடம் அதற்கு.

இனி பதிவு ஒரே ஒரு முறை, வெட்டியபின் சரிபார்க்க ஸ்டாப்வாட்ச்.