பெயரில்லாத சந்தில் வீடு: டெலிவரிக்காரருக்கு மேப்பில் பின்னை எங்கே வைக்க வேண்டும்?

தாம்பரத்துக்கு மேற்கே, மனை போட்டு விற்று மெல்ல மெல்ல வீடுகள் வந்த ஒரு பகுதியில் குடியிருக்கிறோம். எங்கள் சந்துக்குப் பெயர்ப் பலகை இல்லை, மேப்பிலும் அது இல்லை. முகவரியில் பக்கத்துத் தெருவின் பெயரைத்தான் போடுகிறோம். சில வருடங்களாக லொகேஷன் அனுப்பி அனுப்பி எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான்: பின் துல்லியமாக இருந்தாலும் வண்டி தப்பான இடத்துக்குப் போகும்.

"அக்கா, லொகேஷன் காட்டுற இடத்துலதான் நிக்கிறேன், இங்க சுவருதான் இருக்கு" என்று போன் வரும். அவர் சொல்வது சரி. பின் எங்கள் மொட்டை மாடிக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் வழிகாட்டும் மேப், பின்னுக்கு மிக அருகில் தனக்குத் தெரிந்த ரோடு எது என்று பார்த்து, அதுவரைக்கும்தான் வண்டியைக் கொண்டுபோகும். எங்கள் சந்து அதற்குத் தெரியாது. வீட்டுப் பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டி ஓடும் தெரு தெரியும். அதனால் எல்லோரும் பின்சுவருக்கு வந்து நிற்கிறார்கள். அங்கிருந்து எங்கள் கேட்டுக்கு வர ஒரு சுற்று சுற்றி வர வேண்டும்.

உங்கள் வீட்டுக்கும் இப்படித்தானா என்று வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம். கூகுள் மேப்ஸில் உங்கள் பின்னைத் திறந்து, வண்டிகள் வழக்கமாக வரும் மெயின் ரோட்டு ஜங்ஷனைப் புறப்படும் இடமாகக் கொடுத்து, டூவீலர் வழியைப் பாருங்கள். நீலக்கோடு எங்கே முடிகிறது என்பதுதான் முக்கியம். அதன் பிறகு பின் வரைக்கும் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போனால், அந்தத் தூரத்துக்கு மேப்பிடம் வழி இல்லை என்று அர்த்தம். அந்தப் புள்ளிக்கோடு ஒரு சுவரைத் தாண்டிப் போகிறதென்றால் டிரைவரும் அந்தச் சுவருக்குத்தான் வருவார்.

நான் செய்தது, பின்னை வீட்டிலிருந்து எடுத்துச் சந்து முனையில் வைத்ததுதான். மேப்பில் இருக்கும் தெருவும் எங்கள் சந்தும் சேரும் இடம் அது. சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி, நன்றாகப் பெரிதாக்கி, அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பின் விழும். டெலிவரி செயலிகளில் சேமித்திருந்த முகவரியிலும் பின்னை அங்கேயே நகர்த்தினேன். குறிப்பு எழுதும் இடத்தில், "பின் இருப்பது சந்து முனை, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில். உள்ளே வந்தால் இடது கை மூன்றாவது வீடு, பச்சை கேட்" என்று எழுதிவைத்தேன். பின் அவரைச் சந்து முனை வரைக்கும் கொண்டுவருகிறது, மிச்சத்தைக் குறிப்பு பார்த்துக்கொள்கிறது. அதற்கப்புறம் சுவர் போன்கள் அநேகமாக நின்றுவிட்டன.

'தற்போதைய இருப்பிடம்' என்று வாட்ஸப்பில் அனுப்புவதை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். கான்கிரீட் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் சிக்னல் சரியாக வராது. நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாக இருந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறோம் என்றுதான் போன் சொல்கிறது. அனுப்பியே ஆக வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே வந்து, வட்டம் சுருங்கும் வரை கொஞ்சம் நின்று அனுப்புங்கள். சந்து மேப்பில் இல்லாத வீடு என்றால் நேராகச் சந்து முனைக்கே நடந்துபோய் அங்கிருந்து அனுப்புவது உத்தமம்.

இன்னொரு சிக்கல், பல செயலிகளில் டிரைவரின் சொந்த எண் நமக்கு வராது. இடையில் வேறு எண் வழியாக இணைப்பதால், அவராகத் தன் எண்ணைச் சொன்னாலொழிய வாட்ஸப் உதவாது. அப்போது செயலியின் சாட்டில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையே ஒட்டிவிடுவேன். பின்னை அழுத்தியதும் அந்த எண்கள் திரையில் வரும், காப்பி செய்துகொள்ளலாம். தாம்பரம் ரயில் நிலையப் பக்கம் என்றால் 12.92, 80.11 என்று தொடங்கும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும், நம் ஊரில் அதற்குள் இரண்டு மூன்று சந்து வந்துவிடும். டிரைவர் அந்த எண்களை மேப்பின் தேடல் பெட்டியில் போட்டால் போதும்.

நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் சந்து மேப்பில் ஏற வேண்டும். கூகுள் மேப்ஸில் விடுபட்ட ரோட்டைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. கோடு வரைந்து அனுப்பினால் சரிபார்த்து ஏற்றுக்கொள்வார்கள். எங்கள் சந்து ஏறிய பிறகு நீலக்கோடு நேராகக் கேட் வரை வந்தது, பின்னையும் கேட்டுக்கே மாற்றிவிட்டேன். ஆனால் எல்லாச் செயலிகளும் ஒரே மேப்பைப் பயன்படுத்துவதில்லை. ஒரு செயலியில் வண்டி இன்னும் பின்தெருவுக்கே போகிறது, அதில் மட்டும் பின்னைச் சந்து முனையிலேயே விட்டிருக்கிறேன்.

பார்சல் மேல் ஒட்டிய முகவரியைப் பார்த்து வரும் கூரியர்காரர்களுக்கு இது எதுவும் போய்ச் சேராது. அவர்களுக்காக முகவரியின் முதல் வரியிலேயே டிரான்ஸ்பார்மரையும் பச்சை கேட்டையும் எழுதிவிடுகிறேன்.