ஏழு நாளில் காலாவதியான கல்யாண வீடியோ: மூன்று வருடம் காசு கட்டிய லிங்க் சேவை பற்றி

போன வாரம் கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர், தன் மகளின் காதுகுத்து வீடியோவை ஊருக்கு அனுப்ப எந்தச் சேவை நல்லது என்று கேட்டார். மூன்று வருடமாக நான் சந்தா கட்டும் சேவையைத்தான் முதலில் சொல்ல வாய் வந்தது. ஆனால் தம்பி கல்யாண வீடியோ ஞாபகம் வந்து, சொல்லவில்லை.

தம்பிக்குக் கல்யாணம் இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் ரோடு கோயிலில் நடந்தது. வீடியோகாரர் கொடுத்தது 2 மணி 40 நிமிடம், 25 எம்பிபிஎஸ், மொத்தம் 30 ஜிபி. அதை 1080பி-யிலேயே வைத்து 5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினேன். 6 ஜிபி ஆனது. உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டு ஃபைபரில் சில நிமிடங்களில் ஏறிவிட்டது. லிங்க்கை வாட்ஸப்பில் பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். கணக்கு தொடங்கத் தேவையில்லை, அழுத்தினால் இறங்கும். இந்த எளிமைக்காகத்தான் இத்தனை நாள் காசு கட்டினேன்.

அன்று இரவே "உங்கள் கோப்பு பதிவிறக்கப்பட்டது" என்று எனக்கு மின்னஞ்சல் வந்தது. நிம்மதியாக இருந்தேன். ஐந்தாம் நாள் சித்தப்பா கூப்பிட்டார். "தம்பி, இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு. உங்க சித்தி தினமும் கேக்குறா."

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தப்பா வீட்டில் வேகம் 4 எம்பிபிஎஸ் கிடைக்கும். அதை மட்டும் பார்த்தால் 6 ஜிபி மூன்றரை மணி நேரத்தில் இறங்க வேண்டும். ஆனால் அவர் போனில் இருப்பது நாளுக்கு 1.5 ஜிபி திட்டம். அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். அந்த வேகத்திலேயே போனால் மீதி 4.5 ஜிபிக்கு ஆறரை நாள்; தினமும் புது 1.5 ஜிபி வந்தாலும் மொத்தம் நான்கு நாள் டேட்டா வேண்டும். நடுவில் சிக்னல் அறுந்தால் அந்தச் சேவை விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி பூஜ்ஜியம்தான். அவருக்கு மூன்று முறை அறுந்திருக்கிறது, மூன்று நாள் டேட்டா வீண். ஏழாம் நாள் லிங்க் காலாவதி. எனக்கு வந்த மின்னஞ்சல், இறக்கம் தொடங்கியதற்கே வரும் மின்னஞ்சல். முடிந்ததா என்று தெரிய, போனில் கோப்பின் அளவைப் பார்த்துச் சொல்லச் சொல்வதுதான் வழி. இதை எவ்வளவோ முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

காசு கட்டுபவர்கள் காலாவதியை நீட்டிக்கலாம், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏழு நாள் என்றே அது தொடங்கும். நாம்தான் ஞாபகமாக மாற்ற வேண்டும். மூன்று வருடத்தில் இந்த ஒரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை.

இரண்டாம் முறை எதை முதலில் தீர்மானிப்பது என்பதை மாற்றினேன். வேகத்தை விட்டுவிட்டு, ஒரு நாள் டேட்டாவுக்குள் என்ன அடங்கும் என்று பார்த்தேன். பிட்ரேட்டை, அதாவது வீடியோவின் எம்பிபிஎஸ் எண்ணை, நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் அளவு வந்துவிடும். 720பி, 2 எம்பிபிஎஸ், ஒலியையும் சேர்த்தால் 40 நிமிடத்துக்கு ஏறக்குறைய 640 எம்பி. சித்தப்பாவின் அன்றாடத் தேவைக்கு மீதி இருக்கும். ஆகவே நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று நான்கு பாகம். ஒவ்வொன்றுக்கும் நான் கொடுத்த ffmpeg கட்டளை இதுதான்:

```
ffmpeg -i muhurtham.mp4 -vf scale=-2:720 \
 -c:v libx264 -preset slow -b:v 2M -maxrate 3M -bufsize 6M \
 -c:a aac -b:a 128k -movflags +faststart part3.mp4
```

எச்.265 என்ற புதிய சுருக்க முறையைப் போட்டால் இன்னும் சிறிதாகும். ஆனால் சித்தப்பா பென்டிரைவில் போட்டு டிவியில்தான் பார்ப்பார், பழைய டிவி பல அதைத் திறக்காது. எஃப்ஏடி32 பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேலான ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதும் இதில் அடக்கம். முதல் 6 ஜிபி கோப்பு இறங்கியிருந்தாலும் அங்கே மாட்டியிருக்கும்.

தரம்? தாலி கட்டும் காட்சியில் முகங்கள் நன்றாகவே தெரிந்தன. அட்சதை தூவும் சில நொடிகளிலும், வரவேற்பில் விளக்குகள் மின்னும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. வரவேற்புக்கு மட்டும் 3 எம்பிபிஎஸ் கொடுத்து (மேல்வரம்பையும் 5 ஆக்கி) மறுபடி செய்தேன், சரியானது.

இவற்றைக் கூகுள் டிரைவில் போட்டேன். இலவச 15 ஜிபிக்குள் அடங்கியது, நாமாக எடுக்காதவரை லிங்க் தானாகக் காலாவதி ஆகாது. முகூர்த்தத்தை முதலில் அனுப்பினேன். மறுநாள் காலை சித்தி கூப்பிட்டு, மாமா பெரியவரைப் பார்த்ததாகச் சொல்லி அழுதார். அவர் கல்யாணத்துக்கு வந்து மூன்றாம் மாதம் காலமானவர்.

சிங்கப்பூருக்குள் நண்பர்களுக்கு அனுப்ப அந்தச் சேவை இன்றும் அருமை. ஆனால் என் பெரிய கோப்புகள் எல்லாம் ஊருக்குத்தான் போகின்றன. இந்த மாதக் கடைசியில் சந்தா முடிகிறது, புதுப்பிக்கவில்லை. நண்பரிடமும் முதலில் ஊரில் இருப்பவர்களுக்கு நாளுக்கு எத்தனை ஜிபி என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.